கற்பித்தல் பற்றி ஒரு பக்கம்

ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் எமது நாட்டிலே பெரும்பாலும் கேட்கப்படுவன பரீட்சைப் பெறுபேறுகளும் சான்றிதழ்களும் ஒரு நேர்முகமுமேயாம். மேல்நாடுகளிலுள்ள பயிற்சி நிலையங்கள் பல இவற்றோடு அமையாது, வேறொன்றையும் கேட்கின்றன. “கற்பித்தல் பற்றி நீர் கொண்டுள்ள கொள்கை யாது? வகுப்பறை உதாரணங்களுடன் எழுதுக” என்பதே அது. கற்பித்தல் மெய்யியற் கூற்று என்று பெரிய பெயர் இதற்கு உண்டு. பெயர் எவ்வளவு பெரிதாயினும் இடம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். எமது தங்கையின் மகள் சென்ற ஆண்டு இத்தகைய விண்ணப்பம் ஒன்றை அனுப்ப நேர்ந்தது. அவளுக்கு விதிக்கப்பட்ட எல்லை எழுநூறு சொற்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வெண்கட்டி பிடித்த கை எம்முடையது என்பதனால், அவளுடைய எழுத்துப் பிரதி முதலில் எம்மிடமே வந்தது. அதனோடு நாம் இருவரும் இரண்டு வாரம் மல்லாடியதில் தெளிந்த சில செய்திகளை, இத்தகைய விண்ணப்பம் எழுதவிருக்கும் பிள்ளைகளுக்காக இங்கே கூறுவாம்.

மருமகள் கணிதப் பட்டதாரி. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, சனசமூக நிலையத்து மண்டபத்தில், ஆறாந் தரப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு காலம் மாலை வகுப்பு நடத்தியவள். ஊதியம் எதுவுமில்லை. ஒரு கரும்பலகை, நான்கு வாங்கு, இருபத்துமூன்று பிள்ளைகள். இவ்வளவு அனுபவம் கையில் இருந்தும், அவள் எழுதிய முதற் பிரதியில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அது இவ்வாறு தொடங்கிற்று: “கல்வி என்பது இருளகற்றும் ஒளிவிளக்கு. ஒவ்வொரு பிள்ளையும் தனித்துவமானது. பிள்ளையை மையமாகக் கொண்ட கற்பித்தலிலே எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு.” அடுத்த பந்தியில் டூயி, பியாஜே, வைகோற்ஸ்கி என்னும் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள்.

“இதிலே பிழை என்ன, மாமா? எல்லாம் உண்மைதானே?” என்று கேட்டாள்.

உண்மைதான். உண்மையாயிருப்பதே இங்கு குறை. ஒரு கூற்றைக் கொள்கை என்று சொல்லவேண்டுமாயின், அறிவுள்ள வேறோர் ஆசிரியர் அதனை மறுத்துரைக்க இடமிருத்தல் வேண்டும். “பிள்ளைகள் தனித்துவமானவர்கள் அல்லர்” என்று வாதாடும் ஆசிரியர் உலகில் எவரேனும் உளரோ? இல்லை. ஆகவே அந்த வாக்கியம் அவளைப் பற்றி எதனையும் அறிவிக்கவில்லை. மாறாக, “பிழையான விடை சொன்ன பிள்ளையை உடனே திருத்தலாகாது, அவ்விடைக்குக் காரணத்தை முதலிற் கேட்டல் வேண்டும்” என்று ஒருத்தி எழுதினால், அதனை மறுப்பவர் பலர் இருப்பர். நேரம் வீணாகும் என்பார் ஒருவர். பிழை மற்றப் பிள்ளைகளின் செவியில் ஏறிவிடும் என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயங்களுக்கு எதிரே நின்று ஒரு பக்கம் சார்ந்தபடியினாலே அது கொள்கையாகிறது.

மறுப்புக்கு இடமுண்டோ என்று பார்த்த பின்னர் மற்றொரு கேள்வி. இதனை நம்புவதனாலே திங்கட்கிழமை காலை வகுப்பில் எது மாறும்? எதுவும் மாறாதாயின் அந்த வரியை அடித்துவிடலாம். இவ்விரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு மருமகள் தன் பிரதியை வாசித்தாள். ஐந்நூற்று நாற்பது சொற்களில் மிஞ்சியவை அவளுடைய பெயரும் பட்டமும் மட்டுமே. பிள்ளை சற்று வாடிப்போனாள். தேநீர் வந்தபின் முகம் தெளிந்தது.

மேலே சொன்ன டூயியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி 1897ஆம் ஆண்டிலே தமது கல்விக் கொள்கையை ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். அதன் பந்திகள் ஏறக்குறைய எல்லாம் “நான் நம்புகிறேன்” என்னும் கருத்துப்படவே தொடங்கும். இன்று இத்தகைய கூற்று எழுதுவோர் பலர் அந்த நடையையே அறிந்தோ அறியாமலோ பின்பற்றுகின்றனர். ஆனால் டூயி அதனை எழுதும்போது சிக்காகோவிலே, முந்திய ஆண்டில் தாம் தொடங்கிய பரிசோதனைப் பாடசாலை ஒன்று அவர் பின்னால் நின்றது. அவர் நம்புகிறேன் என்றால் எங்கே, எவ்வாறு என்று போய்ப் பார்க்கலாம். விண்ணப்பதாரிக்கு அத்தகைய பாடசாலை இல்லை. ஆகையால் அவள் காட்டவேண்டியது தான் நின்ற வகுப்பறையின் ஒரு மூலையையே.

இத்துறையில் எமது முன்னோர் வழியும் நினைவுக்கு வருகிறது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலே ஆசிரியர் ஆகாதார் இயல்பைக் கூற வந்தபோது, ஆகாத குணங்களைப் பெயர் சொல்லி அடுக்கியதோடு நிற்கவில்லை, பொருள்களையும் காட்டினார். கழற்சிக்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பருத்தி அடைத்த குடுக்கை, வளைந்த தென்னை. குடத்துக்குள் ஒவ்வொன்றாய் இட்ட காய்கள் இட்ட முறையிலே வெளிவருவதில்லை. தாம் கற்ற முறை ஒன்று, சொல்லும் முறை வேறொன்று ஆகிய ஆசிரியர் அத்தகையர். பருத்தியோ சிறிது சிறிதாய் அடைக்கப்பட்டுச் சிறிது சிறிதாய் வருந்தி எடுக்கப்படுவது. வளைந்த தென்னை நீர் வார்த்தவன் வளவை விட்டு அயலவன் வளவிலே காய் உதிர்க்கும். மடற்பனையை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கருக்கு மட்டையிலே காலைக் கீறிக்கொள்ளாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை எங்கே? கிட்ட நெருங்கவொட்டாது, தானாக விழுந்தால் மாத்திரம் பழம் கிடைக்கும். பல நூற்றாண்டுகள் கழிந்தும் அந்த நான்கும் மறக்கப்படாதிருப்பதற்குக் காரணம் அவை கண்ணாற் காணக்கூடியவை என்பதே. மருமகளுக்கு நாம் இதனைச் சொன்னபோது, “அப்படியானால் நான் தசமத்தைப் பற்றி எழுதலாமோ?” என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

தசமக் கதை இது. ஆறாந் தரத்துப் பிள்ளைகளுக்குத் தசம எண்களை ஒப்பிடக் கற்பித்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு, ஒரு மாலை அவள் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினாள்: 0.4, 0.35. இவற்றுள் பெரியது எது? கொப்பியில் எழுதும்படி சொன்னாள். இருபத்துமூவருள் பதினால்வர் 0.35 என்று எழுதினர். ஏன் என்று ஒரு சிறுமியைக் கேட்டதற்கு, “முப்பத்தஞ்சு நாலைவிடப் பெரிசுதானே, ரீச்சர்” என்று விடை வந்தது. அப்பிள்ளை தசமப் புள்ளியைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு வலப்பக்கத்தில் நிற்பதை முழு எண்ணாகவே வாசித்தது. இலக்கங்கள் கூடினால் எண்ணும் பெரிது என்பது அதன் விதி.

மற்ற ஒன்பதின்மரும் சரியாக எழுதிவிட்டனர். பல ஆசிரியர் இந்த இடத்திலே மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பர். மருமகள் இன்னொரு சோடியை எழுதினாள்: 0.75, 0.5. இப்போது முன்பு தவறிய பதினால்வரும் சரியான விடை எழுதினர். அவர்களுடைய விதிப்படி எழுபத்தைந்து ஐந்தைவிடப் பெரிதல்லவா? ஆனால் முன்பு சரியாக எழுதிய ஒன்பதின்மருள் மூவர் 0.5 தான் பெரியது என்றனர். அம்மூவருள் ஒரு பையன் சொன்ன காரணம் கேட்கத்தக்கது: “ஐந்து பத்திலொன்று, ரீச்சர். மற்றது நூறிலொன்று. நூறாய் வெட்டினால் துண்டு சிறிசாகும்.” துண்டின் அளவை அவன் சரியாகவே அறிவான், எத்தனை துண்டு என்பதை மறந்துவிட்டான். இலக்கங்கள் குறைந்தால் எண் பெரிது என்பது அவனுடைய விதி.

ஆக, முதற் சோடியை மாத்திரம் கேட்டிருந்தால் ஒன்பது பேர் விளங்கிக்கொண்டனர் என்று முடிவு செய்திருப்பாள். இரண்டாவதை மாத்திரம் கேட்டிருந்தால் இருபது பேர் என்று முடிவு செய்து வீட்டுக்குப் போயிருப்பாள். இரண்டையும் கேட்டபடியினால் உண்மையில் அறுவரே என்று கண்டாள். இந்த இருவகைத் தவறுகளும் எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியன அல்ல. அவுஸ்திரேலியாவிலே மெல்போண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தசமம் கற்கும் பிள்ளைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து, இவ்விரு விதிகளையும் இன்னும் சில நுண்ணிய வேறுபாடுகளையும் வகைப்படுத்தியிருக்கின்றனர். மருமகள் அதனைப் பின்னரே அறிந்தாள். கூற்றிலும் அந்த வரிசைப்படியே எழுதினாள்: முதலிற் பிள்ளை சொன்னது, அடுத்துத் தான் செய்தது, அதன்பின் நூலிற் கண்டது. நூலை முன்னால் வைத்துப் பிள்ளையைப் பின்னால் இழுத்து வந்திருந்தால், அது பரீட்சை விடைத்தாள் போலாகியிருக்கும்.

அவள் செய்தது என்ன? ஒரு மீற்றர் நீளமான கடதாசிப் பட்டி ஒன்றை ஒவ்வொரு வாங்குக்கும் கொடுத்தாள். முழுப் பட்டியே ஒன்று. அதனைப் பத்தாக மடித்துக் கோடிட்டனர். ஒரு பகுதி பத்திலொன்று. ஒரு பகுதியை மாத்திரம் மீண்டும் பத்தாக வகுத்தனர், அது நூறிலொன்று. பின்பு 0.4 எங்கே, 0.35 எங்கே என்று பென்சிலால் அடையாளமிடச் செய்தாள். வாசிக்கும் முறையையும் மாற்றினாள். “தசம் முப்பத்தைந்து” என்று எவரும் சொல்லலாகாது. “தசம் மூன்று ஐந்து” என்றே சொல்லல் வேண்டும். முப்பத்தைந்து என்று வாய் சொல்லும்போது காது முழு எண்ணையே கேட்கிறது. இது சிறு செய்தியாயினும் அவளுடைய கூற்றிலே மிக நல்ல வரி அதுவே என்பது எமது எண்ணம். எந்த நூலிலும் பார்த்து எழுதியதன்று. வகுப்பிலே நின்று கேட்டவள் ஒருத்தியே எழுதக்கூடியது.

பணத்தைக் கொண்டு விளக்கினால் எளிதன்றோ என்று சிலர் கேட்கலாம். ரூபாவும் சதமும் பிள்ளைகள் நன்கறிந்தவை என்று நாமும் எமது காலத்தில் கருதியதுண்டு. இன்றைய பிள்ளை சதத்தைக் கையாற் தொட்டிருப்பதே அரிது. அன்றியும், 3.25 ரூபா என்பதைப் பிள்ளை மூன்று ரூபா, இருபத்தைந்து சதம் என்று இரண்டு முழு எண்களாகவே காண்கிறது. புள்ளி அதற்கு ஒரு வேலி. பட்டியிலே அந்த வேலி இல்லை. ஒரே நீளத்திலே எல்லா எண்ணும் இடம்பெறுகின்றன.

ஒரு வாரம் கழித்து அவள் புதிய சோடிகள் இரண்டைக் கொடுத்தாள்: 0.6, 0.48, பின்பு 0.82, 0.7. இரண்டையும் சரியாக எழுதியோர் பதினெழுவர். “பதினேழு என்று எழுதிவிட்டு நிறுத்திவிடட்டுமா?” என்று எம்மைக் கேட்டாள். அதற்குமேல் என்ன நடந்தது என்று நாம் கேட்டோம். மூன்று வாரத்தின் பின் 0.125, 0.3 என்று ஆயிரத்திலொன்று வந்தபோது, அந்தப் பதினெழுவருள் சிலர் மீண்டும் 0.125 பெரியது என்றனராம். பட்டியிலே நூறிலொன்று வரைதான் கோடிட்டிருந்தனர். அதற்கு அப்பால் பிள்ளைகளின் பழைய விதி மறுபடியும் தலைதூக்கிற்று. தையற்காரர் நாடா ஒன்றைக் கொண்டுவந்து, மீற்றரின் ஆயிரத்திலொன்று மில்லிமீற்றர் என்று காட்டி மீண்டும் தொடங்கினாள்.

இதனைக் கட்டாயம் எழுது என்றோம். மருமகள் தயங்கினாள். தோல்வியை எழுதினால் தன்னைத் திறமையற்றவள் என்று நினைக்க மாட்டார்களோ என்பது அவளுடைய அச்சம். விண்ணப்பங்களை வாசிப்போர் ஒரே நாளில் நாற்பது ஐம்பது கூற்றுகளை வாசிக்க நேரலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றில், ஆசிரியை ஒரு புதிய முறையைக் கையாண்டாள், பிள்ளைகள் எல்லாரும் விளங்கிக்கொண்டனர், முகங்கள் மலர்ந்தன என்றே கதை முடியும். வகுப்பறையில் நின்றவர் எவரும் இதனை நம்பார். முறை எந்த எல்லை வரையிற் பயன்பட்டது, எங்கே அறுந்தது, அறுந்ததை எவ்வாறு கண்டாள் என்று எழுதியவளையே அவர்கள் நம்புவர். ஏனெனில் பயிற்சி நிலையம் தேடுவது முடிந்த ஆசிரியரை அன்று, பயிற்றத்தக்க ஒருவரை.

விளங்கிக்கொண்டதற்கு அடையாளம் எது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வலப்பக்கத்தில் பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிடு என்று சொல்லிக்கொடுத்தால், 0.300, 0.125 என்று ஆக்கி எல்லாப் பிள்ளைகளும் மறுநாளே சரியான விடை எழுதிவிடுவர். வழி சரியானதே, ஆனால் பிள்ளை இப்போதும் முந்நூறையும் நூற்றிருபத்தைந்தையுமே ஒப்பிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியவேண்டுமானால், 0.3க்கும் 0.4க்கும் இடையே ஓர் எண் சொல் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஒன்றுமில்லையே என்று பிள்ளை சொன்னால், பூச்சியம் சேர்த்த விடைகள் எல்லாம் மேற்பூச்சு என்பது தெரிந்துவிடும். மருமகள் இதனையும் கேட்டிருந்தாள். ஆறு பேர் ஒன்றுமில்லை என்றனராம்.

இவ்வளவும் சேர்ந்து அவளுடைய கூற்றின் நடுப்பந்தி ஆயிற்று. அவள் அனுமதியுடன் அதன் ஒரு பகுதியை இங்கே தருகின்றோம்:

“சரியான விடை விளக்கத்துக்குச் சான்று ஆகாது என்பது என் நம்பிக்கை. 0.4, 0.35 என்பவற்றுள் பெரியது எது என்று என் வகுப்பில் கேட்டபோது பதினான்கு பிள்ளைகள் தவறினர். 0.75, 0.5 என்று கேட்டபோது அதே பதினால்வரும் சரியாகச் சொன்னார்கள். வேறு மூவர் தவறினர். அன்று முதல் ஒரு கேள்வியைத் தெரிவு செய்யுமுன், எந்தப் பிழையான எண்ணம் உள்ள பிள்ளை இதற்குச் சரியான விடை சொல்லும் என்று என்னையே கேட்கிறேன். அவ்வாறு சொல்லக்கூடுமாயின் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன். இதனால் ஒரு மாலையில் நான் கேட்கும் கேள்விகள் குறைந்துவிட்டன. பாடத்திட்டத்தில் இரண்டு வாரம் பின்தங்கவும் நேர்ந்தது. அந்த விலை தகுமென்று இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதனை எவ்வாறு செய்வது என்று எனக்குத் தெரியாது.”

கடைசி வாக்கியத்தைக் கவனிக்குமாறு வேண்டுகின்றோம். ஏன் எமது நிலையத்துக்கு வர விரும்புகிறீர் என்ற கேள்விக்கு மருமகளின் முதற் பிரதியிலே புகழுரை ஒன்று இருந்தது. உலகப் புகழ்பெற்ற, சிறந்த, உயர்ந்த என்று மூன்று அடைமொழிகள். அவற்றை நீக்கிவிட்டு, தனக்குத் தெரியாதது இது, அதனை இங்கே கற்க வருகிறேன் என்று எழுதியதும் அந்தப் பகுதி தானாகவே பொருந்திவிட்டது.

இரண்டாவது கொள்கை ஒன்றும் சேர்த்தாள். கேள்வி கேட்டபின் காத்திருத்தல் பற்றியது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடியே பொறுத்திருப்பதைக் கண்டார். அதனை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாய் வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். மருமகள் மனத்துக்குள் ஐந்து எண்ணுவாள். முதல் வாரம் அந்த மௌனம் அவளுக்கே பொறுக்க முடியாததாயிருந்ததாம். பிள்ளைகள் ரீச்சருக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்துவிட்டனர். இதற்கு அவள் நூறு சொற்களுக்கு மேற் செலவிடவில்லை. அதுவே போதும். எழுநூறு சொல்லில் இரண்டு கொள்கைக்கு மேல் அடங்கா. ஐந்து கொள்கை எழுதியவர் ஒன்றையும் காட்டியவர் ஆகார்.

பியாஜேயும் வைகோற்ஸ்கியும் என்ன ஆயினர் என்று வாசகர் கேட்கக்கூடும். பியாஜே போய்விட்டார். வைகோற்ஸ்கி கடைசி வரை நின்று வாதாடினார். அண்மை விருத்தி வலயம் என்னும் அவர் கருத்தை, அதாவது பிள்ளை தனியே செய்ய இயலாது பிறர் துணையுடன் செய்யக்கூடிய எல்லையைப் பற்றிய கருத்தை, மருமகள் மிக விரும்பினாள். அந்தப் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் தர்க்கித்ததையும் அவள் கண்டிருந்தாள். ஆனால் அந்தத் தர்க்கத்திலே யார் என்ன சொன்னார் என்று நாம் கேட்டபோது அவளுக்கு நினைவில்லை. பிள்ளையின் சொல் நினைவில்லாத இடத்திலே அறிஞரின் பெயரை நிறுத்தினால் அந்த வெற்றிடம் மறையாது. மேலும், நேர்முகத்திலே கேட்பவர் முதலிற் கைவைப்பது அந்த இடத்திலேதான். “அந்தப் பிள்ளை என்ன சொன்னது?” என்று ஒரு கேள்வி போதும்.

இதே காரணத்தினால் உதாரணத்தைப் புனைந்து எழுதுவதும் ஆகாது. சில இளைஞர் கற்பித்த அனுபவம் இல்லையே என்று கவலைப்பட்டுக் கதை கட்டுகின்றனர். வகுப்பு நடத்தியிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, அறநெறி வகுப்பிலே ஒரு பாட்டைப் பழக்கியது, விளையாட்டு அணிக்குப் பந்தெறியக் காட்டியது ஆகிய எதுவும் உதவும். என்ன செய்தீர், கற்றவர் என்ன செய்தார், அதன்பின் எதை மாற்றினீர் என்னும் மூன்றும் நினைவில் இருந்தாற் போதும். இன்னொரு செய்தி: பிள்ளைகளின் பெயரையோ ஊரையோ குடும்ப நிலையையோ எழுதலாகாது. தந்தையில்லாத பிள்ளை என்று எழுதி வாசிப்போரின் இரக்கத்தைப் பெறும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எமக்கு அது பிடிப்பதில்லை. “ஒரு சிறுமி” என்றாலே தசமம் விளங்கிவிடும்.

மொழி பற்றியும் ஒரு தொல்லை வந்தது. விண்ணப்பம் ஆங்கிலத்தில். முதற் பிரதியை அவள் ஆங்கிலத்திலேயே எழுதினாள். மேலே நாம் காட்டிய ஒளிவிளக்கும் தனித்துவமும் அதன் தமிழ் வடிவம். கற்ற ஆங்கிலத்தில் எழுதும்போது கற்ற சொற்றொடர்களே முந்திக்கொண்டு வந்தன. ஆகையால் இரண்டாவது பிரதியைத் தமிழில், அதுவும் எமக்குக் கடிதம் எழுதுவது போல எழுதச் சொன்னோம். பிள்ளைகள் பேசியது தமிழில். அவள் யோசித்ததும் தமிழில். கடிதம் ஆயிரத்து இருநூறு சொல் வரை போயிற்று. அதிலிருந்து வெட்டி, பின்பு ஆங்கிலமாக்கினாள். “தசம் மூன்று ஐந்து” என்னும் வரியை ஆங்கிலத்திற் சொல்வது எளிதாயிருந்தது. அம்மொழியிலும் இதே தொல்லை உண்டாம்.

வெட்டும்போது எதை முதலில் வெட்டுவது? முன்னுரையைத்தான். எங்கள் பள்ளிக்கூடங்களில் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழக்கிவிட்டோம். இத்தகைய கூற்றிலே முன்னுரையின் இடத்தில் கொள்கையே நிற்கலாம். அவளுடைய இறுதிப் பிரதி “சரியான விடை விளக்கத்துக்குச் சான்று ஆகாது” என்றே தொடங்கியது. முடிவுரையும் போயிற்று. மொத்தம் அறுநூற்றுத் தொண்ணூற்றொரு சொற்கள்.

அனுப்புமுன் அவள் அதனைத் தன் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். எமது தங்கை கணிதம் கற்றவள் அல்லள். கேட்டுக்கொண்டிருந்தவள் இடையிலே, “அப்போ நாலு தானே பெரிசு?” என்று கேட்டாள். எது நாலு என்று மகள் திருப்பிக் கேட்டாள். மேசையிலிருந்த தையல் நாடா மறுபடியும் விரிந்தது.